பாலும் காஸும் ஏறினால் தேத்தண்ணி என்ன விலை?

பால், காஸ் இரண்டும் கூடிவிட்டன. பால்தேத்தண்ணி 80 ரூபாவுக்கு விற்கிறேன். எவ்வளவு கூட்டலாம்?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் வண்டில் போட்டிருக்கும் ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவர் நாளுக்கு 10 லீற்றர் பசும்பால் எடுக்கிறார். லீற்றர் 180இலிருந்து 220 ஆனது. நாளுக்கு 400 ரூபா கூடுதல். "நூறு கப் வரும், அப்ப கப்புக்கு 4 ரூபாதானே" என்றார். ஆனால் பொங்கி வழிந்தது, பொழுதுபட மிஞ்சியது போக விற்றது 90 கப்தான். அதால் பிரித்தால் நாலரை ரூபா வரும்.

அவர் காஸுக்குத்தான் அதிகம் பயந்தார். பூட்டிய திகதியைச் சிலிண்டரில் சோக்கால் எழுதிவைத்துப் பார்த்தார். 8 நாள் எரிந்தது. கூடிய 600 ரூபா நாளுக்கு 75. பிளேன்ரீ 60 கப்பையும் சேர்த்து 150ஆல் பிரித்தால் கப்புக்கு 50 சதம். ஆக, பால்தேத்தண்ணிக்கு 5 ரூபா கூடியிருக்கிறது. பிளேன்ரீ விலையில் அவர் கை வைக்கவில்லை.

85 என்றால் சில்லறைக்கு எங்கே போவது? 90 ஆக்கினால் என்ன?

அக்காவும் அதைத்தான் கேட்டார். முன்பு கப்புக்கு 45 ரூபா மிஞ்சியது. 85 வைத்தால் அதே 45, 90 வைத்தால் 50. ஆனால் 90 கப்பில் 9 பேர் வராமல் விட்டாலே அந்தக் கூடுதல் முழுக்கப் போய்விடும். அவர்கள் பிளேன்ரீக்கு மாறினால் பரவாயில்லை. அதில் 28 ரூபா மிஞ்சுவதால் 20 பேர் மாறும்வரை தாங்கும். அவரிடம் வருபவர்கள் பெரும்பாலும் தினமும் நிற்கும் ஓட்டோக்காரர்கள். அதனால் 85 வைத்து, 5 ரூபாக் குற்றிகளைத் தனி டின்னில் சேர்க்கத் தொடங்கினார். பஸ் பயணிகள் அதிகம் வரும் இடமென்றால் நான் 90 என்றிருப்பேன்.

பால் 22 வீதம் ஏறினால் தேத்தண்ணியும் 22 வீதம் ஏற வேண்டும்தானே?

2022இல் பால்மா, காஸ், சீனி எல்லாம் ஒன்றாக ஏறியபோது அப்படிப் பார்த்ததில் நியாயம் இருந்தது. இப்போது ஏறியது இரண்டு பொருள். அக்காவின் 80 ரூபாவில் பால் 20 ரூபாதான். உங்கள் கணக்கில் போனால் 97 ரூபாவுக்கு மேல் போய் நிற்கும்.

நான் மல்லாவியில் பால்மா போடுகிறேன். எனக்கும் 5 ரூபாவா?

இல்லை. 400 கிராம் பக்கற் உடைத்ததிலிருந்து முடியும்வரை விற்ற கப்பை எண்ணுங்கள். கூடிய காசை அதால் பிரியுங்கள். உதவிக்கு நிற்பவர் கரண்டியைக் குவித்து அள்ளுகிறாரா, மட்டமாக அள்ளுகிறாரா என்பதையும் பாருங்கள். பக்கற்றுக்குப் பல கப் அதிலேயே போகும்.

எனக்கு சிலிண்டர் 8 நாள் வருவதே இல்லை, அண்ணை.

சோளகம் வீசும்போது சுவாலை சட்டிக்கு வெளியே சாய்கிறதா பாருங்கள். சாய்ந்தால் அடுப்பின் மூன்று பக்கமும் தகரம் மறைத்துவிட்டு அடுத்த சிலிண்டரை எண்ணுங்கள். ரியூபையும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழ் வந்தால் காஸ் கசிகிறது, உடனே சிலிண்டரை மூடிவிட்டு ரியூபை மாற்றுங்கள்.

பக்கத்துக் கடைக்காரர் 80இலேயே நின்றால்?

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அக்காவின் பக்கத்துக் கடை இன்னும் 80தான். அவர் விற்ற கப்பைத் தினமும் கொப்பியில் எழுதி வருகிறார்.