ரசீது தொலைந்தது பிரச்னையில்லை, பணம் போன தடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி

கேள்வி: வக்கீல் சார், 2022-23ல் மாதம் 20,000 ரூபாய் வாடகை வீட்டில் இருந்தேன். 12,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினேன், மீதி 8,000 ரூபாயைக் கையில் கேட்டு வாங்கிக்கொண்டார் வீட்டுக்காரர். வருமான வரியில் முழு வாடகைக்கும் கழிவு எடுத்தேன். இப்போது அந்த வருடக் கணக்கைத் திரும்பத் திறப்பதற்கு முன் விளக்கம் கேட்டு 148ஏ நோட்டீஸ் வந்திருக்கிறது, வீட்டுக்காரர் 1,44,000 ரூபாய்தான் வாடகை வருமானம் காட்டியிருக்கிறாராம். முன்பணத்தைத் திருப்பித் தருவதிலேயே என்னை அலைக்கழித்த ஆள் அவர், இப்போது ஃபோனையும் எடுப்பதில்லை. அலுவலகத்தில் ரசீதை வாங்கிக்கொண்டு அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வீடு மாறும்போது ரசீதெல்லாம் தொலைந்துவிட்டது. கடையில் ரசீதுப் புத்தகம் வாங்கி எழுதி வைத்துக்கொள் என்கிறான் நண்பன். செய்யலாமா? இனிமேல் எந்தெந்த பில்லை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்? வீட்டில் மூன்று அட்டைப்பெட்டி நிறைய பில் இருக்கிறது.

பதில்: அந்த ரசீதுப் புத்தகத்தை வாங்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

வீட்டுக்காரர் முன்பணத்தில் என்ன செய்தார், ஃபோனை ஏன் எடுக்கவில்லை என்பதெல்லாம் இந்த நோட்டீஸுக்குச் சம்பந்தம் இல்லாத கதை. அலுவலகம் ரசீதை ஏற்றுக்கொண்டதும் உங்களுக்குக் கவசம் ஆகாது. கழிவுகளை எழுதி நீங்கள் கொடுத்த படிவம் 12பிபியை நம்பி வரிப்பிடித்தம் செய்வதோடு அவர்கள் வேலை முடிந்தது, வரி அதிகாரியை அது கட்டுப்படுத்தாது. ரிட்டர்னோடு எந்தக் காகிதமும் இணைப்பதில்லை என்பதால் ஆதாரத்தைப் பத்திரப்படுத்தும் பொறுப்பு முழுக்க உங்களுடையது. ஆக உங்கள் வழக்கில் ஒரே ஒரு கேள்விதான்: உங்கள் கையிலிருந்து வீட்டுக்காரர் கைக்கு எவ்வளவு பணம் போனது என்று காட்ட முடியும்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000, வீட்டு வாடகைப்படி 20,000 என்று வைத்துக்கொள்கிறேன். வருட வாடகை 2,40,000, அதில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதமான 60,000 போனால் 1,80,000. நீங்கள் கழித்திருப்பது இதுதான். வங்கியில் காட்ட முடிந்த வாடகை 1,44,000, அதில் 60,000 போனால் 84,000. வித்தியாசம் 96,000. நீங்கள் 20 சதவீத அடுக்கில் இருந்தால் இதற்கான வரி செஸ்ஸோடு சேர்த்து 19,968 ரூபாய். அதற்கு மேல் மாதம் 1 சதவீதம் வட்டி. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற தொகை இவ்வளவுதான்.

இந்த 19,968 எந்த இடத்தில் பெரிதாகிறது என்பதைத்தான் நான் பயந்து பயந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிவு 270ஏ இரண்டு விதமான அபராதம் வைத்திருக்கிறது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால் வரியில் 50 சதவீதம், அதாவது 9,984. உண்மையைத் திரித்தோ மறைத்தோ காட்டியிருந்தால் 200 சதவீதம், அதாவது 39,936. நண்பர் சொன்ன புத்தகம் உங்களை முதல் வகையிலிருந்து தூக்கி இரண்டாவதில் போடும். அபராதத்தோடு நிற்காமல், பொய் ஆவணம் கொடுத்ததற்குக் குற்ற வழக்கு வருகிற கதவையும் அது திறந்துவிடும்.

அதிகாரிக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தெரிந்துவிடும். பன்னிரண்டு மாத ரசீதும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், வரிசை எண் ஒன்றுகூட விடுபடாமல் இருப்பதே முதல் சந்தேகம். ஐந்தாயிரத்துக்கு மேல் ரொக்கம் வாங்கிய ரசீதில் ஒட்ட வேண்டிய ஒரு ரூபாய் வருவாய் முத்திரை சிலதில் இருக்காது. அப்புறம் பிரிவு 133(6)ன் கீழ் வீட்டுக்காரருக்கே கடிதம் போடுவார்கள். என்னிடம் வந்த ஒருவர் பன்னிரண்டு ரசீதுகளைப் பதிலோடு ஏற்கெனவே கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்காரர் அந்த ஆகஸ்ட்டிலேயே இறந்துபோயிருந்தார், ரசீதுகளில் மார்ச் வரை அவர் கையெழுத்து இருந்தது. வாடகை உண்மையிலேயே கொடுத்தவர்தான் அவர். செப்டம்பரிலிருந்து மகனிடம் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லியிருந்தால் போதும். ரசீதைப் பார்த்த பிறகு அவர் சொன்ன எதையும் யாரும் நம்பத் தயாராக இல்லை, உண்மையான முதல் ஐந்து மாதமும் சேர்ந்து அடிபட்டது.

உண்மை ரசீது கையில் இருந்தாலுமே ரொக்க வாடகை தள்ளாடும். அம்மாவுக்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாகச் சொன்ன ஒருவரின் வழக்கில் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் 2017ல் கழிவை மறுத்தது. ரசீது இருந்தும் ஒப்பந்தம் இல்லை, வங்கித் தடம் இல்லை, குடியிருப்புச் சங்கத்துக்குத் தெரிவித்த கடிதம் இல்லை, மின்கட்டணம் கட்டியதற்குக்கூடச் சான்று இல்லை. அங்கே குடியிருந்ததையே நம்ப முடியவில்லை என்றார்கள்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையான வங்கிக் கணக்குப் பட்டியலை எடுத்து, 12,000 போன பன்னிரண்டு வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே மாதங்களில் வாடகை தேதியை ஒட்டி 8,000 அல்லது அதற்கு மேல் ஏடிஎம்மில் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 20,000 என்று எழுதிய ஒப்பந்த நகலும், “மீதியைக் கையில் கொடுங்கள்” என்று அவர் அனுப்பிய செய்தியும் இருந்தால் ரொக்கப் பகுதிக்காகப் போராட ஒரு அடிப்படை கிடைக்கும். வீட்டுக்காரர் மனம் மாறி எழுதித் தந்தால் அதில் இன்றைய தேதிதான் இருக்க வேண்டும், “அந்த வருடம் இவ்வளவு பெற்றேன்” என்று இன்று எழுதுவதில் தவறில்லை, 2022 தேதி போடுவதுதான் தவறு. ஆனால் அவர் எழுதித் தர மாட்டார், தந்தால் தன் வருமானத்தை மறைத்ததை அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால் என் வெளிப்படையான யோசனை, ரொக்கப் பகுதியை விட்டுக்கொடுங்கள். நோட்டீஸில் சொன்ன தேதிக்குள், 84,000க்கு ஆதாரம் வைத்து, மீதி 96,000க்கு ஆதாரம் இல்லாததால் அதை வருமானத்தில் சேர்க்கச் சம்மதம் என்று பதில் போடுங்கள். ஆதாரமில்லாத கழிவு என்பதாலேயே 200 சதவீதத்துக்கு இழுக்க அதிகாரி முயலலாம். பாதியை வங்கி வழியாக நிரூபித்து, மீதியை நீங்களாகவே முன்வந்து சொன்னவர் என்பதுதான் அங்கே உங்கள் வாதம். உத்தரவு வந்ததும் வரியையும் வட்டியையும் கேட்ட கெடுவுக்குள் கட்டிவிட்டு, மேல்முறையீடு போகாமல், உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் படிவம் 68ல் விண்ணப்பித்தால் 50 சதவீத அபராதத்திலிருந்தே விலக்குக் கேட்கலாம். பிரிவு 270ஏஏ தருகிற இந்த வழி 200 சதவீத வகைக்கு இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ரசீதுப் புத்தகத்தை வாங்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அடுத்த வருடமும் அதே வீட்டில் இதே மாதிரி கழித்திருக்கிறீர்களா? 2023-24க்கு நோட்டீஸ் வருவதற்கு முன் நீங்களே புதுப்பிப்பு ரிட்டர்ன் போட்டுத் திருத்தலாம். அந்த வருடத்துக்கு 2027 மார்ச் 31 வரை என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம் கூடுதல், அதற்கப்புறம் 60, பிறகு 70. தள்ளிப்போடுவதில் லாபமே இல்லை.

சரி, அந்த மூன்று பெட்டி. பெரும்பாலானதைத் தூக்கிப் போடலாம். சம்பளக்காரருக்கு அலமாரி பில்லும் பெட்ரோல் பில்லும் செருப்புக் கடை பில்லும் எந்தக் கழிவும் தராது, அந்தச் செலவுகளுக்கெல்லாம் ஈடாகத்தான் நிலைக்கழிவு தருகிறார்கள். அலுவலகம் திருப்பித் தரும் செலவுக்கான பில் மட்டும் வேறு. புதிய வரி முறையில் இருந்த வருடமென்றால் வாடகை, 80சி சேமிப்பு, 80டி மருத்துவக் காப்பீட்டுக் காகிதங்களுக்கும் வேலை இல்லை. 2023-24லிருந்து புதிய முறைதான் இயல்பு என்பதால், பழைய முறையைத் தேர்ந்தெடுத்து கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்ட வருடங்களை மட்டும் பாருங்கள்.

கோப்பை நிதியாண்டின் பெயரில் வையுங்கள், அதற்கு அடுத்த வருடமான மதிப்பீட்டு ஆண்டின் பெயரில் வேண்டாம். உங்கள் நோட்டீஸில் 2023-24 என்று மதிப்பீட்டு ஆண்டு இருக்கும், நீங்கள் தேட வேண்டியதோ 2022-23 கோப்பு. இதில் குழம்பி வேறு வருடத்து ஆதாரத்தைக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லாததற்குச் சமமாகப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் வரி ஆண்டு என்ற ஒன்றுதான், குழப்பம் குறையும். பழைய வருடங்களுக்குப் பழைய பெயரே ஓடும்.

எந்த வருடக் கோப்பு என்பதைப் பணம் கட்டிய தேதி சொல்லும். மார்ச் 28ல் கட்ட வேண்டிய காப்பீட்டுத் தவணையை ஏப்ரல் 2ல் கட்டினால் அது அடுத்த வருடக் கோப்புக்குப் போகும். கோப்பில் ஒவ்வொரு கழிவுக்கும் ரசீதும், பணம் போனதைக் காட்டும் வங்கி வரியும் ஜோடியாக இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவே இல்லை, தடுப்புப் பரிசோதனைக்கு மட்டும் 5,000 வரை ரொக்கம் ஆகும். நன்கொடையில் ரொக்கமாக 2,000க்கு மேல் போனால் கழிவில்லை, அந்த அமைப்பு தரும் படிவம் 10பிஇயும் வேண்டும். பள்ளிக் கட்டணத்தில் கற்பிப்புக் கட்டணம் மட்டும்தான் சேரும் என்பதால் பிரித்துக் காட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வெப்பத்தாளில் அடித்த பில்லின் எழுத்து மங்கிவிடும், வந்த அன்றே படமெடுங்கள். யுபிஐ செயலியின் பழைய வரலாற்றை நம்பாமல், ஏப்ரலில் முந்தைய வருட வங்கிப் பட்டியலை பிடிஎஃப்பாக இறக்கிவிடுங்கள். அலுவலகத்துக்குக் கொடுத்த 12பிபியின் நகல், படிவம் 16, ரிட்டர்ன், அதைச் சரிபார்த்துத் துறை அனுப்பிய 143(1) அறிவிப்பு நான்கும் அதே கோப்பில்.

எத்தனை வருடம் என்றால், மறுமதிப்பீட்டு நோட்டீஸ் பொதுவாக மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று வருடம் மூன்று மாதம் வரை வரலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும் வழக்குகளுக்கு அது ஐந்து வருடம் மூன்று மாதம். உங்கள் 2022-23 கோப்பின் சாதாரணக் கெடு 2027 ஜூன் 30. எட்டு வருடம் வைத்திருங்கள் என்றுதான் நான் சொல்வேன், காகிதம் இடத்தை அடைக்காது. வீடு வாங்கிய, கட்டிய, கூட்டிக் கட்டிய பில்கள் மட்டும் வேறு கணக்கு. விற்கும்போது மூலதன ஆதாயத்தில் கழிக்க அவைதான் ஆதாரம் என்பதால், விற்று அந்த வருடத்துக்கான கெடுவும் தாண்டும் வரை தனிக் கோப்பில் இருக்கட்டும்.

நோட்டீஸில் பதில் சொல்லக் கடைசித் தேதி என்ன என்று இன்றே பாருங்கள். நாள் போதாது என்றால் அது தாண்டுவதற்கு முன் வருமான வரி இணையதளத்திலேயே அவகாசம் கேளுங்கள்.