அதே சளிதான், கைக்குழந்தைக்கு மட்டும் ஏன் மூச்சு வாங்குகிறது?

கேள்வி: வீட்டில் எல்லாருக்கும் சளி வந்து 3 நாளில் போய்விட்டது. 3 மாதக் குழந்தைக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது. பிராங்கியோலைட்டிஸ் என்று சொன்னார்கள். ஆன்டிபயாட்டிக்கும் எழுதவில்லை, நெபுலைசரும் வைக்கவில்லை. இது சரியா? குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி?

மருந்து எழுதாமல் அனுப்பியது அனேகமாகச் சரிதான். எதையெல்லாம் கவனிக்கச் சொல்லி அனுப்பினார்கள் என்பதுதான் என் கவலை. நான் குழந்தைகள் நல மருத்துவர். பிராங்கியோலைட்டிஸ் என்பது நுரையீரலின் நுண்குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் நோய். போன மழைக்காலத்தில் இதே நோயை என் தங்கை வீட்டிலேயே பார்த்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

தங்கையின் மூத்த மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். ஒரு திங்கட்கிழமை பள்ளியிலிருந்து மூக்கு ஒழுகிக்கொண்டு வந்தாள். புதன்கிழமைக்குள் தங்கைக்கும் மாமியாருக்கும் தொண்டை கரகரத்தது. வெள்ளிக்கிழமை 10 வாரக் குழந்தைக்கு மூக்கடைப்பு. எல்லாருக்கும் வந்தது அனேகமாக ஒரே கிருமிதான். இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸ். 2 வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அது ஒரு முறையாவது தொட்டுவிடும். பெரும்பாலான பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம்.

வித்தியாசம் கிருமியில் இல்லை, குழாயில் இருக்கிறது. மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி பிரிந்து, கடைசியில் நூல் போன்ற நுண்குழாய்களாக முடிகிறது. குழந்தைக்கு அந்தக் கடைசிக் குழாய்களின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர், அல்லது அதற்கும் குறைவு. இந்த வைரஸ் அவற்றின் உள்சுவரில் இருக்கும் செல்களைப் பிடிக்கிறது. அந்தச் செல்களின் தலையில் மெல்லிய மயிரிழைகள் உண்டு. சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. செல் செத்து உதிர்ந்தால் துடைப்பமும் சேர்ந்து போய்விடுகிறது. உதிர்ந்த செல், சண்டைக்கு வந்த வெள்ளையணு, கெட்டியான சளி எல்லாம் பிசைந்த மாவு மாதிரி ஒன்றாகிக் குழாய்க்குள் உட்கார்ந்துகொள்ளும். சுவரும் நீர் கோத்து வீங்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. மெல்லிய குழாயில் ஓட்டத்துக்கு வரும் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிராக மாறும் என்று 1840களிலேயே பிரெஞ்சுக்காரர் புவாசேய் காட்டிவிட்டார். ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும். இப்போது சுவர் 0.2 மில்லிமீட்டர் வீங்குகிறது என்று வையுங்கள். இரண்டு காகிதத் தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம், அவ்வளவுதான். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் ஆரம் 1-லிருந்து 0.8 ஆகும், தடை ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகும். லேசாக இருமிவிட்டு வேலைக்குப் போய்விடலாம். 1 மில்லிமீட்டர் குழாயில் அதே வீக்கம் ஆரத்தை 0.5-லிருந்து 0.3 ஆக்கிவிடுகிறது. தடை ஏறக்குறைய 8 மடங்கு. இது வீக்கத்துக்கு மட்டும். உள்ளே கிடக்கிற அந்த மாவை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அடைப்பும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது குழாய் கொஞ்சம் விரியும், விடும்போது சுருங்கும். அதனால் பாதி அடைத்த குழாயில் காற்று உள்ளே போகும், வெளியே வராது. நெஞ்சு உப்பிக்கொள்ளும். முழுக்க அடைத்த இடத்திலோ அதற்கு அப்பால் இருக்கும் நுரையீரல் துண்டு காற்றில்லாமல் சுருங்கிவிடும். பெரியவர்களின் நுரையீரலில் பக்கத்து அறையிலிருந்து காற்று வரக் குறுக்குத் துளைகள் இருக்கின்றன. கைக்குழந்தைக்கு அவை இன்னும் சரியாக உருவாகியிருக்காது. அதோடு விலா எலும்புகளும் பாதி குருத்தெலும்புதான். பலமாக இழுக்கும்போது நெஞ்சுக்கூடே உள்ளே வளையும். விலாவுக்குக் கீழே குழி விழுகிறது என்று நாம் சொல்வது அதைத்தான்.

திங்கட்கிழமை இரவு 11 மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். குழந்தைக்கு அது நான்காம் நாள். “அண்ணா, சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு போல, கர்ருகர்ருங்குது” என்றாள். வீடியோவில் முகத்தைக் காட்டினாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. “சட்டையைக் கழட்டு, லைட்டைப் போடு, வயித்தைக் காட்டு” என்றேன். வயிறு மேலே வரும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே போனது. மூக்கு நுனி ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்தது. கடிகாரம் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணச் சொன்னேன். குழந்தையின் மூச்சு விட்டுவிட்டு வேகம் மாறும், 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும். 66 வந்தது. 2 மாதம் தாண்டிய குழந்தைக்கு 50-க்கு மேல் போனாலே வேகம்தான். 2 மாதத்துக்குள் என்றால் 60.

அடுத்து நான் கேட்டது பாலைப் பற்றி. “வாய வைக்கிறான், நாலு தடவை சப்பிட்டு விட்டுடறான், அழறான்.” காலையிலிருந்து டயபர் இரண்டுதான் நனைந்திருந்தது. அந்த வயதுக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கும் அடைத்து, நிமிடத்துக்கு 66 முறை மூச்சும் இழுக்க வேண்டியிருந்தால் உறிஞ்சி விழுங்க நேரமே கிடைக்காது. வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை என்பது, என் அனுபவத்தில், நெஞ்சுச் சத்தத்தைவிட நம்பத்தக்க அடையாளம். அப்போதே கிளம்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் 88. மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், மூக்குச் சளியை மெதுவாக உறிஞ்சி எடுத்தார்கள், மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டுத் தாய்ப்பாலையே கறந்து ஊற்றினார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. மறுநாள் காலை மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, பக்கத்து பெட் குழந்தைக்கெல்லாம் புகை வைக்கறாங்க, நம்ம புள்ளைக்கு ஒண்ணுமே பண்ணலையே” என்று கலங்கினார்.

நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. நெபுலைசரில் வைக்கும் சால்புடமால் அந்தத் தசையைத் தளர்த்தும் மருந்து. இங்கே தசை பெரிதாக இறுகவில்லை, குழாய்க்குள் சேறு கிடக்கிறது. தளர்த்த அங்கே அதிகம் எதுவும் இல்லை. மருந்தால் நெஞ்சு படபடப்பதுதான் மிச்சம். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் குறையவில்லை. வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக்குக்கும் வேலை இல்லை, பாக்டீரியா தொற்று கூடச் சேர்ந்தாலொழிய. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. வழக்கமான எக்ஸ்ரேவும் வேண்டாம் என்கிறது, ஏனென்றால் அந்தச் சுருங்கிய துண்டைப் பார்த்து நிமோனியா என்று நினைத்து வீணாக ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவது சுலபம். குடும்பத்தில் ஆஸ்துமா இருந்து, குழந்தைக்கு இழுப்பு திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. அதை உங்கள் மருத்துவர் தனியாகப் பார்ப்பார்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு சலைன் சொட்டு மருந்தை மூக்கில் ஓரிரு சொட்டு விட்டு, இளகிய சளியை வெளியில் தெரிகிற அளவுக்கு மட்டும் எடுங்கள். ஆழமாக விட்டு உறிஞ்சினால் மூக்கே வீங்கிக்கொள்ளும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். இருமல் சிரப் வேண்டாம். குளித்ததும் சாம்பிராணி காட்டும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள், உரிந்து கிடக்கும் குழாய்க்குள் புகை போகிறது. மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிட மோசம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே தனி நிமோனியா. கற்பூரத் தைலத்தை நெஞ்சில் தேய்ப்பதும் இந்த வயதில் ஆபத்து, கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போய் வலிப்பை உண்டாக்கக்கூடியது.

உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கும் குறைவாகக் குடிப்பது, 12 மணி நேரமாக டயபர் நனையாதது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, தலை ஆடுவது, உதடோ நாக்கோ நீலமாவது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் இன்னொன்று உண்டு: இருமலே பெரிதாக இல்லாமல் திடீரென்று 15, 20 விநாடி மூச்சே விடாமல் இருந்துவிடும். இன்னொரு இடத்தில் பெற்றோர் ஏமாந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த குழந்தை மெதுவாகிவிட்டது, அழுகையும் நின்றுவிட்டது, தேறிவிட்டான் என்று நினைப்பார்கள். பால் குடிக்கத் தொடங்கியிருந்தால் தேறியிருக்கிறான். பாலும் குடிக்காமல், துவண்டு, மூச்சு மட்டும் குறைந்திருந்தால் களைத்துப்போய்விட்டான் என்று அர்த்தம்.

தங்கை மகன் ஆறாம் நாள் மாலை தானே மார்பில் பால் குடித்தான், எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தான். இருமல் மட்டும் 3 வாரம் நீடித்தது. உதிர்ந்துபோன அந்த மயிரிழைகள் திரும்ப முளைக்க அவ்வளவு நாள் பிடிக்கும். அதுவரை சளியை வெளியேற்ற இருமல் ஒன்றுதான் வழி, அதை அடக்கப் பார்க்காதீர்கள்.

குழந்தைக்கு மூக்கடைப்பு தொடங்கி இன்று எத்தனையாவது நாள் என்று நீங்கள் எழுதவில்லை. இது 3-லிருந்து 5-ஆம் நாள் வரை கூடிக்கொண்டே போய்ப் பிறகு இறங்கும் நோய். இன்று இரண்டோ மூன்றோ என்றால் இன்றிரவும் நாளை இரவும் 4 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சட்டையைக் கழற்றி, தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். பால் குடித்த நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.