பக்கெட்டில் 600, பேஸ்புக்கில் 650: கஜு விற்கும் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. களுவாஞ்சிகுடியில் வீட்டில் இருந்தபடி வறுத்த கஜு பக்கெட் போட்டு பேஸ்புக் பக்கத்தில் விற்கிறேன். பக்கெட்டில் லேபல் ஒட்டுவதால், போஸ்டில் ஒரு படமும் “ஒரு பக்கெட் 650 ரூபா” என்ற வரியும் மட்டும்தான் போடுவேன். போன மாதம் கொழும்பில் ஒருவர் 4 பக்கெட் எடுத்தார். லேபலில் 600 ரூபா என்று இருக்கிறதாம், படத்தில் 250 கிராம் என்று இருந்ததாம், கையில் வந்தது 200 கிராமாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதப்போவதாகச் சொல்கிறார். படம் பழைய பக்கெட்டில் எடுத்தது, கஜுப் பருப்பு விலை ஏறியதால் 650 ஆக்கினேன். சென்னையில் இருக்கும் அண்ணா, லேபலில் உள்ளதெல்லாம் போஸ்டிலும் எழுத வேண்டும் என்கிறார். இங்கேயும் அப்படியா? வீட்டு விலாசத்தை எல்லோரும் பார்க்கப் போடவும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: அண்ணா சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. பொதியிட்ட பண்டங்கள் பற்றிய 2011 விதிகளை இந்தியா 2017இல் திருத்தியது. 2018 ஜனவரி 1 முதல், தயாரித்த மாதமும் ஆண்டும் தவிர லேபலில் இருக்கவேண்டிய கட்டாய விவரங்கள் இணைய விற்பனைப் பக்கத்திலும் இருக்க வேண்டும். அந்த விதி களுவாஞ்சிகுடிக்குச் செல்லாது. ஆனாலும் உங்கள் போஸ்டை இங்கே பிடிக்க வேறு சட்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 30ஆம் பிரிவின்படி, பாவனையாளரைத் தவறாக எண்ணவைக்கும் நடத்தை மட்டுமல்ல, அப்படி எண்ணவைக்கக்கூடிய நடத்தையும் குற்றம். நீங்கள் ஏமாற்ற நினைத்தீர்களா என்ற கேள்வி அங்கே பெரிதாக எழாது. 250 கிராம் என்று தெரியும் படத்தைப் போட்டு 200 கிராம் அனுப்பினால், “படம் பழையது” என்ற பதில் உங்களைக் காப்பாற்றுவது கஷ்டம். இரண்டாவது, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். உணவைப் பொய்யாகவோ தவறான எண்ணம் வரும்படியோ லேபல் இடக்கூடாது என்பதோடு, அப்படி விளம்பரம் செய்யவும் கூடாது என்கிறது. விலை போட்டு ஓடர் கேட்கும் பேஸ்புக் போஸ்டை விளம்பரம் இல்லை என்று நான் நீதிமன்றத்தில் வாதாட மாட்டேன்.

“லேபலில் எல்லாம் இருக்கிறதே” என்ற உங்கள் நியாயம் கடைக்குச் சரி. கடையில் பக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார்கள். கொழும்பில் இருப்பவர் காசு போட்ட பிறகுதான் உங்கள் லேபலை முதன்முதலில் பார்க்கிறார். அவர் நம்பி வாங்கியது போஸ்டைத்தான். அதை அவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருப்பார். மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு செய்தியின் சட்ட வலு மறுக்கப்படாது என்று 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் சொல்கிறது.

இனி விலை. உங்கள் சிக்கலில் இதுதான் கனமான பகுதி. பக்கெட்டில் 600 என்று அச்சிட்டுவிட்டால் அதுதான் அந்தப் பக்கெட்டின் ஆகக்கூடிய சில்லறை விலை. குறைத்து விற்கலாம், கூட்டக்கூடாது. பருப்பு விலை ஏறியது உண்மையாக இருக்கலாம், ஆனால் ஏற்கெனவே பொதியிட்டு விலை குறித்த சரக்குக்கு அது உதவாது. 600க்கு மேல் 650 என்று ஸ்டிக்கர் ஒட்டும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். விலை குறிக்கும்படி பணிப்புரை உள்ள பொருட்களில் லேபலையோ விலைக் குறியையோ அழிப்பதும் மாற்றுவதும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி தனிக் குற்றம், அப்படி மாற்றியதை விற்பதும் குற்றம். 600 என்று இருக்கும் மிச்சப் பக்கெட்டுகளை 600க்கே விற்று முடியுங்கள். பொதியிடுபவர் நீங்களே என்பதால் அடுத்த தொகுதிக்கு 650 என்று புது லேபல் அடிக்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு தொகுதியும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால் இரண்டு போஸ்டாகப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் அந்தந்தத் தொகுதியின் படம் இருக்கட்டும்.

டெலிவரிக் காசு வேறு கதை. அதைக் கேட்கலாம், ஆனால் தனி வரியாக, ஓடருக்கு முன்பே தெரியவேண்டும். “650, டெலிவரி இலவசம்” என்று 600 ரூபாப் பக்கெட்டுக்குப் போடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, பரிசோதனைக்கு வரும் அதிகாரி பார்ப்பது 600ஐயும் 650ஐயும்தான்.

அடுத்தது நிறை. போஸ்டில் “பெரிய பக்கெட்”, “சுமார் 200” என்றெல்லாம் வேண்டாம். “தேறிய நிறை 200 கிராம்” என்று எழுதுங்கள். தேறிய நிறை என்பது உறை இல்லாமல் பருப்பின் நிறை மட்டும். வீட்டில் பொதியிடுபவர்கள் வழுக்கும் இடம் இதுதான்: சிப் வைத்த பையைத் தராசில் வைத்து 200 வரும் வரை பருப்பைப் போடுவார்கள். பை 8 கிராம் என்றால் உள்ளே இருப்பது 192தான். வெறும் பையை வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் நிரப்புங்கள். தராசுக்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கவேண்டும். சமையலறைத் தராசு வியாபாரத்துக்கு ஆகாது.

விலாசம் பற்றிய தயக்கம் எனக்குப் புரிகிறது. பெண் ஒருவர் தனியாக வீட்டில் இருந்து செய்யும் தொழில், யாரும் வந்து படலையைத் தட்டலாம் என்ற பயம் நியாயமானது. இருந்தும் போன் இலக்கம் மட்டும் போட்டால் போதாது. முறைப்பாடு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்கக்கூடிய இடம் ஒன்று லேபலில் இருந்தாக வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யும்போது, உண்மையாகவே பொதியிடல் நடக்கும் ஒரு கடையறையோ உறவினரின் கடையோ இருந்தால் அந்த விலாசத்தில் பதியலாம். பிறகு லேபலிலும் போஸ்டிலும் உங்கள் சொந்தப் பெயர் இல்லாமல் வியாபாரப் பெயரும் அந்த விலாசமும் வரும். பொதியிடல் வீட்டில்தான் தொடரும் என்றால் வீட்டு விலாசம்தான். வேறு இடத்தைக் காட்டுவது இன்னொரு பொய்யாகிவிடும். வேறொருவர் பொதியிட்டு மூடிய பக்கெட்டை வாங்கி விற்றால் அவருடைய பெயரும் விலாசமும் அப்படியே வரவேண்டும், உங்களுடையதை அதன்மேல் ஒட்டக்கூடாது.

படத்துக்குக் கீழே எழுத்தாக இவ்வளவு போதும்:

உப்பு சேர்த்து வறுத்த கஜு
தேறிய நிறை: 200 கிராம்
பொதியிடுபவர்: வியாபாரப் பெயர், இலக்கம், வீதி, களுவாஞ்சிகுடி
ஆகக்கூடிய சில்லறை விலை: ரூபா 600
டெலிவரி தனி: கொழும்புக்கு ரூபா 400 (உங்கள் கூரியர் கட்டணம் எவ்வளவோ அது)

காலாவதித் திகதி தொகுதிக்குத் தொகுதி மாறும் என்பதால், ஓடர் வரும்போது மெசேஜில் சொல்லிவிடுங்கள். லேபலில் அது கட்டாயம். எழுத்தாகப் போடச் சொல்வதற்குக் காரணம், சிறிய போனில் லேபல் படம் வாசிக்கவே முடியாது. படத்தை மாற்ற மறந்தாலும் எழுத்தாவது சரியாக இருக்கும்.

கொழும்புக்காரரிடம் வருவோம். 4 பக்கெட்டுக்கு 2600 வாங்கியிருக்கிறீர்கள், லேபல்படி 2400தான். அந்த 200 ரூபாவை இன்றே திருப்பி அனுப்புங்கள். நிறைக்கு வேறு கணக்கு: அவர் ஒரு கிலோ எதிர்பார்த்தார், கிடைத்தது 800 கிராம். விரும்பினால் முழுப் பணத்தையும் தந்து பக்கெட்டுகளை உங்கள் செலவில் திருப்பி எடுப்பதாகவோ, குறைந்த 200 கிராமுக்கு இன்னொரு பக்கெட் அனுப்புவதாகவோ சொல்லி, எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள். இதையெல்லாம் போனில் பேசாமல் மெசேஜில் எழுதி, வங்கிச் சிட்டையையும் சேர்த்து வையுங்கள். பழைய போஸ்டை அழிக்கும் முன் அதையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், அவரிடம் இருக்கும் ஆதாரம் உங்களிடம் இல்லாமல் போகக்கூடாது. இவ்வளவு செய்தும் அவர் எழுதினால் அதிகார சபை விசாரிக்கலாம், பணம் திரும்பிப் போனதால் குற்றம் இல்லாமல் போகாது. மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகாரிகள் அழைத்தால் இந்த மெசேஜ்களையும் சிட்டையையும் திருத்திய போஸ்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வழக்குத் தாக்கலாகி அழைப்பாணை வந்தால் மட்டும் சட்டத்தரணியோடு நீதிமன்றத்துக்குப் போனால் போதும்.