பால்தேநீரோடு விழுங்கிய குளிசை

"அம்மாவுக்கு எலும்பு மெலிவுக்காக அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரத்துக்கு ஒரு குளிசை தந்திருக்கிறார்கள். ஒரே குளிசை எப்படி ஏழு நாளும் வேலை செய்யும்? ஏன் வெறும் தண்ணீரோடுதான் குடிக்க வேண்டும்?"

இப்படிக் கேட்டிருந்தீர்கள். நான் திருகோணமலையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். உப்புவெளியில் இருக்கும் என் பெரியம்மா இதே குளிசையை ஞாயிறுதோறும் கோணேசர் கோயிலுக்குப் புறப்படும் முன் பால்தேநீரோடு விழுங்கி வந்தார். ஐந்து மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "எதோடு குடித்தாலும் வயிற்றுக்குள்தானே மகன் போகிறது?" என்றார்.

இந்த மருந்தின் மூலக்கூறில் நண்டின் இரண்டு கொடுக்குகளைப் போல இரண்டு பாஸ்போனேட் பகுதிகள் ஒரு கார்பன் அணுவில் பொருந்தியிருக்கின்றன. அவை கல்சியத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். எலும்பின் கெட்டித்தன்மையே கல்சியம் பாஸ்பேட் படிகங்கள்தான். எலும்பு கரைக்கப்படும் இடங்களில் அந்தப் படிகம் திறந்து கிடப்பதால் மருந்தும் அங்கேயே அதிகம் ஒட்டுகிறது.

எலும்பைக் கரைக்கும் செல்லின் பெயர் ஆஸ்டியோகிளாஸ்ட். அது எலும்பின் மேல் அட்டைபோல் ஒட்டி, விளிம்பை அடைத்துக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரக்கும். அந்த அமிலத்தில் படிகம் கரையும்போது கொடுக்கின் பிடியும் தளர்கிறது. கரைந்த எலும்போடு மருந்தையும் அந்தச் செல்லே விழுங்கிவிடுகிறது! மற்றச் செல்கள் எலும்பைத் தின்பதில்லை. அதனால் அவற்றுக்குள் மருந்து அதிகம் போவதில்லை.

உள்ளே போன மருந்து ஒரு நொதியைத் தடுக்கிறது. சில புரதங்களைச் செல்லின் சவ்வில் மாட்டி வைக்கும் கொழுப்பு வாலை உண்டாக்குவதற்கு அந்த நொதி வேண்டும். வால் இல்லாவிட்டால் அமிலத்தைச் சுரக்கும் சுருக்கமடிப்பு விளிம்பு குலைந்துவிடும். செல் எலும்பின் மேல் இருந்தாலும் தோண்ட முடியாது. பல செல்கள் இறந்தும் போகின்றன. எலும்பில் ஒட்டிய மருந்து ஒரு வாரத்துக்கு மேலும் அங்கேயே கிடப்பதால் தினமும் குடிக்கத் தேவையில்லை.

இனிப் பெரியம்மாவின் கணக்குக்கு வருவோம். சரியாகக் குடித்தாலே 70 மில்லிகிராமில் இரத்தத்தில் சேர்வது ஏறக்குறைய அரை மில்லிகிராம். அதிலும் பாதியளவு சிறுநீரில் போய்விடும். பால்தேநீரோடு குடித்தால் கொடுக்குகள் குடலிலேயே பாலின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்பைப் பிடிக்கும் அதே குணம்தான் இங்கே மருந்தை வீணாக்குகிறது. கல்சியம் குளிசையும் இதையே செய்யும். அதை வேறு நேரத்தில் கொடுங்கள்.

ஒரு முழுக் குவளை தண்ணீர் வேண்டும். குடித்தபின் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, ஏனெனில் குளிசை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். நெஞ்செரிவோ விழுங்கும்போது வலியோ வந்தால் அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மருந்து எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்குவதால், ஐந்து வருடமளவில் நிறுத்தி வைக்கலாமா என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். நீண்ட காலம் குடித்த சிலருக்கு, அரிதாகத் தொடையெலும்பு முறிவதுண்டு. அதற்கு முன் தொடையிலோ கவட்டிலோ மந்தமான வலி வரலாம். அதை மூட்டுவலி என்று விட்டுவிடாதீர்கள்.

பெரியம்மா இப்போது தண்ணீரோடு விழுங்கிவிட்டு பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்து கோயிலுக்குப் போகிறார். தேநீர் திரும்பி வந்த பிறகுதான்.