நேரடி விமானமா, ஒரு இடத்தில் மாறிப் போவதா?

கேள்வி: மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு நானும் மனைவியும் போகிறோம். நேரடி விமானம் 17 மணி நேரம். ஒரு இடத்தில் மாறிப் போனால் 22 மணி நேரம், கட்டணம் நேரடியைவிட நன்றாகவே குறைவு. இரண்டு கட்டத்தையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் இன்னும் மலிவு. மனைவிக்கு முழங்கால் வலி. எதை எடுக்கலாம்?

பதில்: எண்களை முதலில் எளிதாக்கிக்கொள்வோம். மாறிப் போகும் ஒரே டிக்கெட் ஆளுக்கு 100 என்று வையுங்கள். நேரடி 130, தனித்தனி டிக்கெட் 90 என்று நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கட்டணங்களை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் சேர்த்து 260, 200, 180.

நேரடிக்குக் கூடுதலாகத் தரும் 60-க்கு, போகும்போது ஆளுக்கு 5 மணி நேரம் மிச்சம், திரும்பும்போதும் கிட்டத்தட்ட அவ்வளவே. மறுநாள் காலை வேலைக்குப் போய் நிற்க வேண்டியவருக்கு அது நியாயமான விலை. உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. களைப்பு விஷயத்திலும் நேரடி பெரிதாக ஜெயிக்காது. நேர மண்டலம் மாறுவதால் வரும் தூக்கக் கலக்கம் இரண்டிலும் ஒன்றுதான். 17 மணி நேரம் மடக்கிய முழங்காலுக்கு நடுவில் கிடைக்கும் ஒரு நடை பெரிய ஆறுதல். ஆனால் அந்த நிறுத்தம் உங்கள் உடம்புக்கு நடு இரவாக இருக்கும் நேரத்தில் வந்தால், உள்ள தூக்கமும் கெடும். அதனால் இறங்கும் நேரத்தையும் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தாலே காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். மாறிப் போனாலும் இரண்டு கட்டமும் நீளமாக இருக்கும் என்பதால், எழுந்து நடப்பதை எதிலும் விடக்கூடாது. மனைவிக்கு முன்பு அப்படி ஏதும் வந்திருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

சரி, அந்த மலிவான 180-க்கு வருவோம். எனக்குக் கவலை அதில்தான். ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், உங்களை வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு பொதுவாக விமான நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட்டில் இரண்டாம் நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். பல டிக்கெட்டுகளில் ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இப்படித்தான் சிக்கினார். நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறதே என்று நம்பினார். முதல் விமானம் 40 நிமிடம் தாமதம். குடியேற்ற வரிசையைத் தாண்டி, பெட்டி வருவதற்காக பெல்ட் பக்கத்தில் நின்றதில் இன்னும் ஒரு மணி நேரம் போனது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கவுண்டருக்கு ஓடினால், புறப்பட 60 நிமிடம் முன்பே மூடும் அந்த கவுண்டர் அப்போதுதான் மூடியிருந்தது. விமானம் வெளியே நின்றுகொண்டிருந்தது.

கணக்கில் வைத்துப் பாருங்கள். கடைசி நேரத்தில் இரண்டாம் கட்டத்தைப் போக வர மறுபடி வாங்க ஆளுக்கு 80 என்றால், இருவருக்கும் 160. மிச்சப்படுத்தியது 20. எட்டுப் பயணத்தில் ஒன்று தவறினாலே லாபம் முழுவதும் போய்விடும். அத்தனை அடிக்கடி தவறாது என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 160-ஐ நடுவழியில் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டும், விழாவும் கைநழுவலாம். அப்புறம், பெட்டியை எடுக்க வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டியிருக்கலாம்.

நேரடியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இவ்வளவு நீளமான தடங்களில் பெரும்பாலும் நாளுக்கு ஒரு விமானம்தான் இருக்கும். அது ரத்தானால் அடுத்தது மறுநாள், அதிலும் இடம் இருந்தால்தான். எரிபொருள் கணக்கும் இழுத்துப் பிடித்ததாக இருக்கும். 2024-இல் மத்திய கிழக்கு வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தபோது, குவாண்டஸின் பெர்த்–லண்டன் நேரடி விமானம் எரிபொருளுக்காக சிங்கப்பூரில் இறங்கிப் போனது.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் 200-ஐத்தான் எடுப்பேன். நடுவில் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் இருப்பதாகப் பார்த்து, விழாவுக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருவேன். கூடுதல் இரவுத் தங்கலுக்கு 10 போனாலும் 210-தான். நேரடியைவிட 50 மிச்சம், ஒரு விமானம் தவறினாலும் விழா தவறாது. பணம் கட்டும் முன் இரண்டு கட்டமும் ஒரே டிக்கெட்டில் வருகிறதா, பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகுமா என்று கேளுங்கள். சில இணையதளங்கள் தனித்தனி டிக்கெட்டுகளையும் ஒரே பயணம் போலவே சேர்த்துக் காட்டும்.