மூன்று வரி கேட்டால் மூன்று வரிதான்

கேள்வி: ஐந்து பேர் மட்டும் உள்ள ஒரு சின்ன நிறுவனத்தின் நிறுவனர், "பல் மருத்துவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் செய்கிறோம். எங்கள் முதல் கஸ்டமர் சப்போர்ட் ஆளைத் தேடுகிறோம். ரெஸ்யூமே வேண்டாம், நீங்கள் யாரென்று மூன்று வரியில் ஒரு மெயில் போடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். நான் சிறு வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் 4 ஆண்டு சப்போர்ட் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் கேள்வி, புகார்களை டிக்கெட் என்போம், தினமும் 60 டிக்கெட் வரை முடிப்பேன், நடுநடுவே சில உதவிப் பக்கங்களும் எழுதினேன். வீட்டுக் காரணத்தால் 8 மாதமாக வேலையில் இல்லை. நான் எழுதி வைத்திருப்பது: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பதிவைக் கண்டு மிக்க மகிழ்ச்சி. நான் கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றக்கூடியவள், நல்ல பேச்சுத்திறன் உடையவள். வாய்ப்பளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உறுதுணையாக இருப்பேன்." இதை அனுப்பலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: அனுப்பாதீர்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் நல்ல விஷயம் எதுவும் அந்த மெயிலில் இல்லை. 4 ஆண்டு, சிறு வியாபாரிகள், உதவிப் பக்கங்கள் எல்லாம் எனக்குச் சொன்னீர்கள், அவருக்குச் சொல்லவில்லை. கடின உழைப்பாளி என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதைச் சரிபார்க்க அவருக்கு வழியும் இல்லை.

முதலில் அவருடைய பதிவை இன்னொரு முறை படியுங்கள். அதில் கனமான சொல் "முதல்". இதுவரை சப்போர்ட்டுக்கென்று தனி ஆள் கிடையாது என்று அர்த்தம். மருத்துவமனையிலிருந்து வரும் போனை அநேகமாக அவரோ, புரோகிராம் எழுதுபவரோதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பதில் சொல்லும் முறை, எழுதி வைத்த குறிப்பு என்று எதுவும் பெரிதாக இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் தினம் 60 டிக்கெட் என்பது பெரிய தகுதி இல்லை. அவருக்கு அவ்வளவு டிக்கெட் வருமா என்பதே சந்தேகம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன உதவிப் பக்கங்கள்தான் அவருக்கு வேண்டியவை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றை ஏற்படுத்தத் தெரிந்தவர் என்று அவை காட்டுகின்றன.

முதல் வரியில் நீங்கள் செய்த வேலை வரட்டும், அதுவும் அவருடைய வேலைக்கு எந்தப் பக்கம் ஒத்துப்போகிறதோ அந்தப் பக்கம் தெரியும்படி. கணக்கு மென்பொருளும் பல் மருத்துவமும் வேறுதான். ஆனால் இரண்டு இடத்திலும் போனில் பேசுகிறவர் கம்ப்யூட்டரை ஒரு தொல்லையாகப் பார்க்கிற, அவசரத்தில் இருக்கிற ஆள். ஒற்றுமை அங்கேதான் இருக்கிறது. போனில் மெயில் பெட்டியைத் திறந்தால் சப்ஜெக்ட்டுக்குக் கீழே மெயிலின் தொடக்கம் கொஞ்சம் தெரியும் இல்லையா, அந்த இடத்தை "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பதிவைக் கண்டு" சாப்பிட்டுவிடக் கூடாது. "வணக்கம்" போதும், அடுத்த சொல்லிலேயே விஷயத்துக்கு வந்துவிடுங்கள்.

இரண்டாவது வரிதான் கஷ்டம். நீங்களே செய்த ஒரு காரியம், அதனால் என்ன மாறியது, இவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். "நாங்கள் செய்தோம்" என்று எழுதினால் அதில் உங்கள் பங்கு எது என்று தெரியாது. எண் இருந்தால் போடுங்கள், ஆனால் எப்படிக் கணக்கெடுத்தீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்லக்கூடிய எண்ணாக இருக்கட்டும். நினைவில்லாத எண்ணை ஊகித்துப் போடுவதைவிட, "அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அரிதாகவே வந்தது" என்று எழுதுவது மேல். பழைய நிறுவனத்தின் வருமானம், வாடிக்கையாளர் பெயர் போன்றவை மெயிலில் வரவே கூடாது. அவருடைய ரகசியத்தையும் நாளைக்கு இப்படித்தான் எழுதுவீர்கள் என்று அவர் நினைப்பார்.

மூன்றாவது வரி அவர் அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கு. இங்கே நான் கொஞ்சம் வேலை வைக்கிறேன். அவர்களுடைய தளத்தில் டெமோவோ விளக்க வீடியோவோ இருந்தால் பாருங்கள். ஒரு வரவேற்பாளர் எங்கே தடுமாறுவார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அரைப் பக்கத்தில் ஓர் உதவிக் குறிப்பு எழுதி, லிங்க்காகக் கொடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். சம்பளமில்லாமல் முழு வேலையையும் செய்து கொடுக்க வேண்டியதில்லை.

எழுதிப் பார்த்தால் இப்படி வரும் (எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, உங்கள் உண்மையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்):

"வணக்கம். கம்ப்யூட்டர் அதிகம் பழகாத சிறு வியாபாரிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளுக்கு 4 ஆண்டுகள் கஸ்டமர் சப்போர்ட் பார்த்தேன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு நானே உதவிப் பக்கங்கள் எழுதியதில், வாரத்துக்குச் சுமார் 40 ஆக இருந்த பாஸ்வேர்டு டிக்கெட்டுகள் 10 ஆகக் குறைந்தன. உங்கள் டெமோவைப் பார்த்துவிட்டு, அப்பாயின்ட்மென்ட்டை வேறு நாளுக்கு மாற்றுவது பற்றி ஒரு மாதிரிப் பக்கம் எழுதி இந்த லிங்க்கில் வைத்திருக்கிறேன், பிடித்திருந்தால் இந்த வாரம் எந்த நாளிலும் பேசலாம்."

அதற்குக் கீழே பெயர், போன் நம்பர். அவ்வளவுதான். அவருடைய பதிவு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே எழுதுங்கள்.

ஒரு சின்னக் குறும்பு நம் எல்லோருக்கும் வரும். மூன்று வரி என்றதும், "செய்து, பார்த்து, முடித்து, கற்று" என்று எச்சமாகக் கோத்து ஒரே வாக்கியத்தில் முழு வாழ்க்கை வரலாற்றையும் ஏற்றிவிடுவோம். எண்ணினால் மூன்று வாக்கியம்தான் வரும், படிப்பவருக்கோ மூச்சு முட்டும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினால் எதையோ வெட்ட வேண்டும்.

8 மாத இடைவெளியை இதில் சொல்ல வேண்டாம். அவர் கேட்டது நீங்கள் யாரென்று, காலவரிசையை அல்ல. ஆனால் மறைக்கவும் வேண்டாம். அதனால்தான் "பார்த்து வருகிறேன்" என்று எழுதாமல் "பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறேன். பேசும்போது கேட்டால் வீட்டுக் காரணம், இப்போது சரியாகிவிட்டது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

சப்ஜெக்ட்டில் என்ன போட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் அதை அப்படியே, எழுத்து மாறாமல் போடுங்கள். அதை வைத்துத் தேடித்தான் மெயில்களைப் பிரிப்பார். சொல்லவில்லையென்றால் "கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு: 4 ஆண்டு அனுபவம்" போதும். அனுப்பும் முன் அந்த லிங்க்கை பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கிறது என்றால் அவருக்கும் திறக்காது, அதற்காக உங்களுக்கு மெயில் போட்டு அனுமதி வாங்கும் பொறுமை அவருக்கு இருக்காது. ரெஸ்யூமேயை "எதற்கும் இருக்கட்டும்" என்று இணைக்காதீர்கள். வேண்டாம் என்றுதானே சொன்னார்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதிக் கேட்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள். அப்போது முதல் வரியையும் மூன்றாவது வரியையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். இரண்டாவது வரியை, அந்த நிறுவனத்துக்கும் அது பொருந்தினால், அப்படியே வைத்துக்கொள்ளலாம்.