அப்பா ஐசியூவில், கம்பெனியில் லீவு இல்லை: ரீ-என்ட்ரி கேட்பது எப்படி?

"அண்ணா, சவுதியில், தமாமில் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். வந்து எட்டு மாதம் ஆகிறது. நேற்று காலை அப்பாவுக்கு ஸ்ட்ரோக். தஞ்சாவூரில் ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். போர்மேனிடம் சொன்னேன். ரெண்டு வருஷம் முடியாமல் லீவு கிடையாது, போகணும்னா எக்சிட் அடிச்சுட்டுப் போ என்கிறார். யாரிடம், எப்படிக் கேட்பது? எக்சிட்டிலேயே போய்விடலாமா?"

தம்பி, முதலில் ஒன்று. எக்சிட் பேப்பர் எதிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். போர்மேன் கோபத்தில் சொன்னது அது. அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை. ஃபைனல் எக்சிட்டில், அதாவது வேலையை முடித்துக்கொண்டு வெளியே போனால், உங்கள் இக்காமா என்னும் குடியிருப்பு அட்டை அதோடு முடிந்தது. திரும்பி வர வேண்டுமென்றால் ஏஜென்ட், மெடிக்கல், திறன் தேர்வு, ஸ்டாம்பிங் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே வர வாங்கிய கடன் எட்டு மாதத்தில் அடைந்திருக்காது என்பது என் கணக்கு. என் அறையில் இருந்த ஒரு பையன், "எக்சிட்டில் போ, ஒரு மாதத்தில் புது விசா அனுப்புகிறோம்" என்று கம்பெனிக்காக அரசு ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் மன்தூப் சொன்னதை நம்பிப் போனான். விசா வரவேயில்லை.

உங்களுக்கு வேண்டியது ரீ-என்ட்ரி, அதாவது ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி. லீவு என்ற சொல்லை விட்டுவிட்டு இதை ஒரு விசாவாகப் பார்த்தால் யாரிடம் போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும். ரீ-என்ட்ரியை கம்பெனி தன் கணக்கிலிருந்து கம்ப்யூட்டரில் அடிக்கிறது. கட்டணம் இரண்டு மாதம் வரைக்கும் 200 ரியால், அதற்கு மேல் மாதத்துக்கு 100. பணம் கட்டி, இக்காமா செல்லுபடியாக இருந்து, டிராஃபிக் அபராதம் எதுவும் பாக்கி இல்லாமல் இருந்தால் சில நிமிடத்தில் வந்துவிடும். ஆக, தடை விசாவில் இல்லை. "சரி, அடித்துக் கொடு" என்று சொல்லும் ஒரு மனிதர்தான் வேண்டும். அவர் போர்மேன் அல்ல. உங்கள் புராஜக்ட் மேனேஜரோ, ஆபீசில் ஹெச்.ஆர். பார்ப்பவரோதான்.

சட்டத்தைக் காட்டிக் கேட்கலாமே என்று கேம்ப்பில் யாராவது சொல்வார்கள். சவுதி தொழிலாளர் சட்டத்தில் தாயோ தந்தையோ இறந்தால் சம்பளத்தோடு 5 நாள் உண்டு. அவர்களுடைய நோய்க்கு என்று தனியாக எதுவும் இல்லை. வருட விடுப்பு 21 நாள், அதுவும் ஒரு வருடம் முடிந்த பிறகுதான் உரிமை. அதனால் எட்டாவது மாதத்தில் நீங்கள் கேட்பது உரிமை அல்ல, வேண்டுகோள். இது தெரிந்து பேசினால் குரல் தானாகத் தணியும்.

2021 மார்ச்சுக்குப் பிறகு, கம்பெனி சம்மதம் இல்லாமலே தொழிலாளி தானே அப்ஷர் என்ற அரசு ஆப்பில் ரீ-என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வந்திருக்கிறது, அதுவும் உண்மைதான். ஆனால் உங்கள் காண்டிராக்ட் கிவா என்ற தொழிலாளர் துறைத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும், கம்பெனிக்குத் தகவல் போகும், பதில் சொல்ல அவர்களுக்குப் பத்து நாள் அவகாசமும் உண்டு. ஐசியூவில் இருப்பவருக்குப் பத்து நாள் என்பது எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். வீட்டு டிரைவர், வீட்டு வேலை, தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் யாருக்கும் இந்த வழி கிடையாது. உங்களுக்கு உண்டு என்றாலும் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அதில் இறங்கினால் திரும்பி வந்து வேலை பார்ப்பது அதே மேனேஜரிடம்தான்.

இனி கேட்கும் விதம். எங்கள் காலத்தில் ஊரிலிருந்து "ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி" என்று தந்தி வரும். 2013இல் தந்தியே நின்றுபோனது. ஆனால் அந்தத் தந்தியைப் பொய்யாக அடித்து லீவு வாங்கியவர்கள் விட்டுப்போன சந்தேகம் இன்னும் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறது. "அப்பா சீரியஸ்" என்று சொன்னவுடன் மேனேஜர் முகம் மாறுவது கல்நெஞ்சத்தால் அல்ல. அதே வாக்கியத்தை அவர் வருடத்துக்கு இருபது தடவை கேட்கிறார்.

என் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது நான் ஜுபைலில் இருந்தேன். நேரே மேனேஜர் அறைக்குப் போய் அழுதேன், கத்தினேன், "நீங்களும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்தானே" என்றெல்லாம் கேட்டேன். நாலு நாள் வீணானது. ஐந்தாவது நாள் கேம்ப்பில் ஸ்டோர் பார்த்த மலையாளி ஒருவர் என்னை உட்காரவைத்து, "நீ போய்விட்டால் அந்தப் பம்ப்பை யார் பார்ப்பார்கள் என்று அவரிடம் சொன்னாயா?" என்று கேட்டார். சொல்லவில்லை. அன்று மதியம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். மேனேஜர் தாளைப் படித்தார், என்னைப் பார்க்கவே இல்லை, மன்தூப்புக்குப் போன் போட்டார். அவ்வளவுதான்.

அந்தத் தாளை இன்றைக்கே தயார் செய்யுங்கள். முதலில் ஆஸ்பத்திரிச் சான்று. தம்பியோ மாமாவோ யார் அங்கே இருக்கிறார்களோ அவர்களை டியூட்டி டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி தாள், அப்பாவின் முழுப் பெயர், சேர்த்த தேதி, என்ன நோய், இப்போது எப்படி, டாக்டரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். அப்பாவின் பெயர் உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். இங்கே அது "வேறு யாரோ அப்பா" ஆகிவிடும். படுக்கையில் ட்யூபோடு இருக்கும் போட்டோவை மேனேஜருக்கு அனுப்ப வேண்டாம். சான்று போதும்.

பிறகு கடிதம். ஆறேழு வரி, எளிய ஆங்கிலத்தில். உங்கள் பெயர், இக்காமா எண், சைட், வேலை. அப்பா எந்தத் தேதியில் எங்கே சேர்க்கப்பட்டார், சான்று இணைத்திருக்கிறேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேண்டும், வேலையில் சேரும் தேதி எது. "சில நாள்" என்று எழுதவே கூடாது. நாளும் தேதியும் வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 21 நாள் என்றால் மாதத்துக்கு ஒன்றே முக்கால் நாள். எட்டு மாதத்துக்கு 14 நாள் சேர்ந்திருக்கிறது. இந்த 14 நாளை முன்கூட்டியே தரச் சொல்லிக் கேளுங்கள். மிச்சம் 16 நாளைச் சம்பளமில்லா விடுப்பாகக் கேளுங்கள். மொத்தம் 30. ஏன் 16 என்றால், சம்பளமில்லா விடுப்பு 20 நாளைத் தாண்டினால், வேறு பேச்சு இல்லாதவரை, அந்தக் காலத்துக்கு காண்டிராக்ட் நின்றிருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளலாம். 14 நாளுக்குச் சம்பளம் தரமாட்டோம் என்றால் சண்டை போட வேண்டாம், நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைவிட விசா முக்கியம்.

அடுத்த வரி, உங்கள் இடத்தில் யார் என்பது. "இன்னார் என் பேனல் வேலையைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், பாதி வேலையின் விவரம் எழுதிக் கொடுத்துவிட்டேன்." அந்த ஆளிடம் முன்பே பேசிவிடுங்கள். எனக்குத் தெரிந்து மனம் மாறிய மேனேஜர்கள் பெரும்பாலும் இந்த வரியில்தான் மாறினார்கள். கடைசி வரி, டிக்கெட்டும் ரீ-என்ட்ரி கட்டணமும் நானே கட்டிக்கொள்கிறேன் என்பது. கட்டணத்தைக் கம்பெனி கட்ட வேண்டும் என்று வாதாடலாம்தான், ஆனால் 200 ரியாலுக்காக இன்றைக்கு வாதாடும் நிலையில் நீங்கள் இல்லை.

போர்மேனைத் தாண்டிப் போனால் அவர் மனதில் வைத்துக்கொள்வார். அதனால் காலையில் அவரிடமே முதலில் தாளைக் காட்டி, "மேனேஜரிடம் கொடுக்கப் போகிறேன், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கடிதத்தையும் சான்றையும் ஈமெயிலிலும் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்ன "சரி" வியாழன் மதியத்துக்கு மேல் காணாமல் போகும். மன்தூப் கிளம்பிவிடுவார், வெள்ளியும் சனியும் ஆபீஸ் பூட்டியிருக்கும்.

சில கம்பெனிகள் "திரும்பி வருவாய் என்பதற்கு யார் கேரண்டி" என்று கேட்கும். கூட வேலை பார்ப்பவரைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், அல்லது ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார்கள். இதெல்லாம் சட்டத்தில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. என்னைக் கேட்டால், போகும் மாதச் சம்பளத்தை நீங்கள் திரும்பி வந்த பிறகு தரட்டும் என்று விட்டுவிடலாம், ஆனால் இன்னொரு ஏழையின் சம்பளத்தை உங்கள் பெயரில் மாட்டிவிடாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் கண்டிப்பாக முடியாது என்று சொல்லுங்கள்.

ரீ-என்ட்ரி கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள். வந்ததும் அப்ஷரில் நீங்களே பாருங்கள். "குரூஜ் வ அவ்தா" என்றால் போய்வரும் விசா, "குரூஜ் நிஹாயி" என்றால் ஃபைனல் எக்சிட். அரபி படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஏர்போர்ட் போக வேண்டாம். அடுத்து கால அளவைப் பாருங்கள். நாள் கணக்கில் அடித்திருந்தால் நீங்கள் வெளியே போன நாளிலிருந்து எண்ணும். "இந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும்" என்று அடித்திருந்தால் நீங்கள் இங்கே காத்திருக்கும் நாளும் அதில் கரையும். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தால் அன்றே கேட்டு வாங்குங்கள். அதை அவர்கள் வைத்திருப்பதே தவறு என்றாலும், அந்தச் சண்டையை வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விசாவை 60 நாளுக்கே அடித்துத் தரச் சொல்லுங்கள், 30 நாளுக்கும் அதே 200 ரியால்தான். கடிதத்தில் 30 நாள், விசாவில் 60 நாள். ஸ்ட்ரோக் வந்தவரை ஐசியூவில் நீங்கள் பார்க்கப் போவது கண்ணாடி வழியாகத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தூக்கி உட்காரவைக்க, பிசியோவுக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டியிருக்கும். அப்போது நாள் போதவில்லை என்றால், நீங்கள் சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே மேனேஜருக்குப் புது டாக்டர் சான்றோடு ஈமெயில் போடுங்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே விசாவை நீட்டிக்கக் கம்பெனியால் முடியும், ஆனால் அது முடிவதற்குள் கேட்க வேண்டும். தேதி கடந்த பிறகு போன் செய்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

சான்று வந்ததும் எனக்கு அனுப்புங்கள், கடிதத்தை ஆங்கிலத்தில் நானே எழுதித் தருகிறேன். இக்காமா முடியும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.